வெறியில் விழுந்தவன் தூங்குகிறானா, நினைவிழந்துவிட்டானா? மிஸியிடம் கேட்டவை

பதில் சொல்பவர் திருகோணமலையில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: மிஸி, கடற்கரையில் பிறந்தநாள் கொண்டாடினோம். ஒருத்தன் பந்தயம் கட்டி அரைப்போத்தல் சாராயத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் குடித்துவிட்டு விழுந்துவிட்டான். குறட்டை விட்டான், அதனால் தூங்கவிட்டோம். காலையில் எழும்பிவிட்டான். செய்தது சரிதானே?

அவன் எழும்பியது அவனுடைய அதிர்ஷ்டம், தம்பி. அரைப்போத்தலில் கிட்டத்தட்ட 100 கிராம் மதுசாரம் இருக்கும். ஈரல் ஒரு மணித்தியாலத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். அவசரமாகக் குடித்ததில் ஒரு பகுதி விழும்போது இன்னும் வயிற்றிலும் குடலிலும் இருக்கிறது. போத்தலைக் கீழே வைத்த பிறகும் இரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். பத்து மணிக்கு ஏதோ முனகியவன் பதினொரு மணிக்கு ஒன்றுக்கும் அசையாமல் கிடப்பது இதனால்தான்.

தூங்குகிறவனை எழுப்பலாம். பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள சதையை அழுத்திக் கிள்ளுங்கள். கண்ணைத் திறந்து ஏசினால் நல்லது, ஆனாலும் தனியே விடக்கூடாது. அசையவே இல்லையென்றால் அது தூக்கமில்லை, உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். அடுத்து நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எட்டுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து செக்கன் இடைவெளி வந்தாலோ உயிருக்கு ஆபத்து. நம்முடைய நிறத்துக்கு முகத்தில் நீலம் தெரியாது, கீழ் உதட்டை மடித்து உள்பக்கத்தையும் நகத்தையும் போன் வெளிச்சத்தில் பாருங்கள். உடம்பு சில்லென்று ஈரமாக இருப்பதும் வலிப்பு வருவதும் கெட்ட அறிகுறிதான். இவை எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

குறட்டை என்றீர்களே, அதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைக்கும்போதும் குறட்டை மாதிரித்தான் கேட்கும். கொளகொளவென்று சத்தம் வந்தால் தொண்டையில் வாந்தியோ எச்சிலோ நிற்கிறது.

லிங்கநகரிலிருந்து: எங்கட ஊரில் உப்புத்தண்ணி பருக்கி வாந்தி எடுக்க வைப்போம், தேசிக்காய்ச் சாறும் கொடுப்போம். பிறகு சரித்துப் படுக்க வைப்போம். இது போதாதா?

கடைசியாகச் சொன்னது மட்டும் சரி, அண்ணா. நினைவில்லாதவருக்கு விழுங்கவும் இருமவும் முடியாது. வாயில் விடுவது எதுவும் நுரையீரலுக்குப் போகலாம். கோப்பியும் அப்படித்தான். தலையில் தண்ணீர் ஊற்றினால் ஏற்கெனவே குளிர்ந்த உடம்பு இன்னும் குளிரும். போர்வையோ சாரமோ எடுத்து மூடுங்கள்.

சரித்து வைப்பதிலும் ஒரு முறை உண்டு. பக்கத்தில் முழங்காலிட்டு, உங்கள் பக்கம் இருக்கிற அவர் கையை மேலே மடித்து வையுங்கள். மற்றக் கையின் பின்புறம் அவர் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொண்டு, தூரத்து முழங்காலை மடித்து உங்கள் பக்கம் இழுத்தால் உடம்பு தானாகப் புரளும். மடித்த கால் முன்னால் முட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு தலையை மெதுவாகப் பின்னால் சாய்த்து, வாய் நிலத்தைப் பார்க்க விடுங்கள். தலையணை வைத்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுவழி மடங்கிவிடும். மூச்சு நின்றால் மல்லாத்தி, நடு நெஞ்சில் இரண்டு கையாலும் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு தரத்துக்கு மேல் அழுத்துங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி: என்ட அவர் குடியை விட்டு இரண்டு நாள். கை நடுங்குது, இரவில் யாரோ நிற்கிற மாதிரித் தெரியுதாம். இதுவும் இதேதானா?

இல்லை தங்கச்சி, இது நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வருவது. ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமும் இல்லை. வலிப்பு வரலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், கடைசியாக எப்போது குடித்தார் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

மூதூரிலிருந்து: அம்புலன்ஸ் வரச் சுணங்கினால் ஓட்டோவில் நடுவில் இருத்திக் கொண்டுபோவது கெட்டித்தனம்தானே?

இருத்தினால் தலை முன்னுக்குத் தொங்கி மூச்சு அடைபடும். எவ்வளவு நேரமாகும் என்று 1990இலேயே கேளுங்கள். மூச்சு ஒழுங்காக இருந்தால் நான் காத்திருக்கத்தான் சொல்வேன். வேறு வழியே இல்லையென்றால் சரிந்து படுக்கக்கூடிய வான் தேடுங்கள், ஒருவர் பின்னால் இருந்து மூச்சைப் பார்க்கட்டும்.

மறுபடியும் மூதூர்: இரவில் வானுக்கு எங்கே போவது மிஸி? எங்களுக்கு ஓட்டோதான்.

உங்கள் நிலைமை விளங்குகிறது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஓட்டோதான் என்றால் பின் சீட்டில் ஒருவர் மடியில் சரித்துக் கிடத்தி, வாயைக் கீழ்ப்பக்கம் திருப்பி, நாடியைத் தூக்கிப் பிடித்தபடி போங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: குடித்தது கசிப்பு. வெறி முறிந்துவிட்டது, ஆனால் அடுத்த நாள் கண் மங்கலாகத் தெரியுதாம்.

இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கசிப்பில் மெதனோல் என்ற நஞ்சு கலந்திருந்தால் அது பல மணித்தியாலம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். கண் மங்கல், வயிற்றுவலி, வேகமான மூச்சு இதன் அடையாளம். சுணங்கினால் பார்வையே போகலாம். மிச்சம் இருக்கிற போத்தலையும் எடுத்துப் போங்கள். அதே போத்தலில் குடித்த மற்றவர்களையும் தேடிப் பிடித்து, சுகமாக இருக்கிறோம் என்று சொன்னாலும் கூட்டிப் போங்கள்.