மப்பான வானத்தை அஸ்தமன வானமாக மாற்றும்போது கட்டடம் ஏன் ஒட்டாமல் நிற்கிறது?

கேள்வி: மப்பும் மந்தாரமுமான நாளில் எடுத்த அடுக்குமாடிக் கட்டடப் படம். போட்டோஷாப்பில் வானத்தை மட்டும் நீக்கி, அஸ்தமன வானம் வைத்தேன். கட்டடம் நீலம் பூத்து, கத்தரித்து ஒட்டியதுபோல் தெரிகிறது. மஞ்சள் ஏற்றினால் கட்டடமே ஆரஞ்சு சாயத்தில் முக்கியெடுத்ததுபோல் ஆகிறது. கூரை ஓரத்தில் வெள்ளைக் கோடு வேறு. எந்த வரிசையில் சரிசெய்ய வேண்டும்?

பதில்: முதலில் நீலத்தை எடுங்கள், அடுத்து கட்டடத்தை இருட்டாக்குங்கள், அதன்பின் வானத்தை வையுங்கள், கடைசியாக நிறம் ஏற்றுங்கள். பெரும்பாலும் வானத்தை வைத்துவிட்டு நேராகக் கடைசி வேலைக்குப் போய்விடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒளி எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கட்டடத்துக்குப் பின்னால் அஸ்தமன வானம் தெரிகிறது என்றால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. கேமராவைப் பார்த்து நிற்கும் முன்சுவரில் அந்த ஆரஞ்சு ஒளி விழவே விழாது. அந்தச் சுவருக்கு ஒளி தருவது கேமராவுக்குப் பின்னால் இருக்கும் எதிர்த்திசை வானம். மாலையில் அது நீலமும் இளஊதாவுமாக இருக்கும். அதனால் முன்சுவர் ஆரஞ்சாக மாறக்கூடாது. இருட்டி, லேசாகக் குளிர்ந்து நிற்க வேண்டும். ஆரஞ்சு விழ வேண்டிய இடங்கள் சூரியன் பக்கம் திரும்பிய பக்கச்சுவர், பால்கனிகளின் விளிம்பு, கூரையின் ஓரம் ஆகியவை மட்டுமே.

வானத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்குதான். மப்பான நாளில் தரையில் நிழல் விழாது. சூரியன் பளிச்சென்று தெரியும் வானத்தை வைத்தால் நீண்ட நிழல்கள் இருந்தே ஆக வேண்டும். அவற்றை வரைந்து சேர்ப்பது தனி வேலை. சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்கிய பிறகு எடுத்த வானமோ, மேகத்துக்குள் சூரியன் மறைந்திருக்கும் வானமோ வைத்தால் அந்தச் சிக்கல் எழாது.

இனி வேலைக்கு வருவோம். படத்தை 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; 8 பிட்டில் இவ்வளவு இழுத்தால் வானத்தின் நிறமாற்றம் பட்டை பட்டையாக உடையும். ஐட்ராப்பரை 5×5 சராசரியில் வைத்து, கட்டடத்தில் உண்மையிலேயே சாம்பல் நிறமான ஒரு பகுதியை அளந்து பாருங்கள். பூச்சில்லாத சிமென்ட் பட்டை, அலுமினிய ஜன்னல் சட்டம் இவை நம்பகமானவை. க்ரீம் பெயின்ட் அடித்த சுவரை அளக்காதீர்கள். அதைச் சாம்பலாக்கினால் கட்டடத்தின் சொந்த நிறமே போய்விடும்.

உதாரணத்துக்கு, சிமென்ட் பட்டையில் சிவப்பு 148, பச்சை 156, நீலம் 167 என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். மப்பான நாளின் நீலச்சாயல் இதுதான். ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, சிவப்பு சேனலில் 148-ஐ 156-க்கு ஏற்றுங்கள். நீல சேனலில் 167-ஐ 156-க்கு இறக்குங்கள். பச்சையைத் தொட வேண்டாம். நம் கண்ணுக்குப் படும் ஒளிர்வில் பெரும்பங்கு பச்சை சேனலுடையது என்பதால், அதை நிலையாக வைத்தால் படத்தின் வெளிச்சம் ஏறக்குறைய மாறாது. ரா கோப்பு கையில் இருந்தால் இந்த வேலையைக் கேமரா ராவின் ஒயிட் பேலன்ஸ் ட்ராப்பரிலேயே முடித்துவிடலாம், அதுதான் மேல். நீலம் போகாத சுவரின் மேல் மஞ்சளை ஏற்றினால் நீலமும் மஞ்சளும் சண்டை போட்டு அழுக்குப் பச்சை கலந்த ஒரு பழுப்புதான் மிஞ்சும்.

இப்போது இருட்டாக்குவது. இதற்கு மாஸ்க் தேவையில்லை என்பதுதான் இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம். இன்னொரு கர்வ்ஸ் லேயரை முழுப் படத்துக்கும் போடுங்கள். RGB வளைவில் 60-ஐ 38-க்கும், 156-ஐ 100-க்கும் இறக்குங்கள். வெள்ளைப் புள்ளியை மட்டும் எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். பழைய வானத்தில் மிக மங்கலான இடத்தை அளந்து பாருங்கள். முழுதும் மேகம் மூடிய வானம் உச்சியில் பிரகாசமாகவும் அடிவானத்தில் மங்கலாகவும் இருக்கும். உச்சி அடிவானத்தைவிடச் சுமார் 3 மடங்கு பிரகாசம் என்று ஒளியியல் தரநிலைகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் படத்தில் வானத்தின் மேல்பகுதி 246, கூரையை ஒட்டி 238 என்று வைத்துக்கொண்டால், 236-ஐ 255-க்குக் கொண்டுபோங்கள். கட்டடம் இருட்டும், வானம் முழுவதும் தாள் வெள்ளையாக நிற்கும்.

அஸ்தமன வானத்தை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயராக வைத்து, அதன் பிளெண்ட் மோடை `Multiply` ஆக்குங்கள். மல்டிப்ளை இரண்டு மதிப்புகளைப் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. அடியில் 255 இருந்தால் புதிய வானம் உள்ளபடியே தெரியும். பிறகு அடிப்படத்தில் `Select > Sky` கொடுத்து, `Select > Modify > Expand` வழியாகத் தேர்வை 2 பிக்சல் கட்டடத்துக்குள் தள்ளி, அதை வான லேயருக்கு மாஸ்க்காக மாட்டுங்கள்.

உள்ளே தள்ளுவது ஏன் என்பதை ஒரே ஒரு பிக்சலை வைத்துப் பார்க்கலாம். கூரை விளிம்பில் இருக்கும் பிக்சல் பாதிச் சுவர், பாதி வெள்ளை வானம். சுவர் இப்போது 100, வானம் 255 என்றால் விளிம்புப் பிக்சல் 170 அளவில் இருக்கும். அங்கே புதிய வானத்தின் மதிப்பு 140 என்று கொள்வோம். சாதாரண மோடில் மாஸ்க் அந்தப் பிக்சலை வெளியே விட்டுவிட்டால், 100-க்கும் 140-க்கும் நடுவே 170 என ஒரு பிக்சல் இரண்டையும்விட வெளிச்சமாக நிற்கும். நீங்கள் சொன்ன வெள்ளைக் கோடு அதுதான். மல்டிப்ளையில் அதே பிக்சல் 170 × 140 ÷ 255, அதாவது 93 ஆகிவிடுகிறது. சுவரின் 100-க்குப் பக்கத்தில் அது கண்ணுக்கே தெரியாது. கம்பி, ஆன்டெனா, மரக்கிளை நுனி எல்லாம் இதே காரணத்தால் அப்படியே பிழைத்துக்கொள்கின்றன.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. சுவர் வானத்தைவிடத் தெளிவாக இருட்டாக இருந்தால்தான் இது நடக்கும். சுண்ணாம்பு வெள்ளைச் சுவர் 215, 220 என்று வானத்துக்கு அருகில் இருந்தால், உள்ளே தள்ளிய 2 பிக்சலும் கறுப்பு மை தீட்டியதுபோல் விளிம்பில் கோடு போடும். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு `Expand` வேண்டாம். பென் டூலால் விளிம்பை வரைந்து இறுக்கமான மாஸ்க் போடுவதுதான் வழி. கட்டட விளிம்புகள் நேர்கோடுகள் என்பதால் அது நினைப்பதைவிடச் சீக்கிரம் முடியும்.

கடைசியாக நிறம். இந்த லேயர்கள் எல்லாம் வான லேயருக்குக் கீழே இருக்கட்டும். முன்சுவருக்கு ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு நீல சேனலில் 100-ஐ 108-க்கு ஏற்றுங்கள், பச்சையில் 100-ஐ 97-க்கு இறக்குங்கள். அவ்வளவுதான். முதலில் எடுத்த நீலத்தைத் திரும்பச் சேர்ப்பதாகத் தோன்றலாம். முன்பு இருந்தது படம் முழுவதும் பரவியிருந்த பச்சைகலந்த நீலம். இது நிழல்பட்ட முகத்துக்கு மட்டும், அளவோடு, இளஊதா பக்கம் சாய்ந்த நீலம்.

சூரியன் பக்கத்துச் சுவர்களுக்கு ஒரு சாலிட் கலர் லேயர். நிறத்தை நீங்களாக யோசிக்காமல் புதிய வானத்தின் அடிவானத்துக்கு அருகிலிருந்தே ஐட்ராப்பரால் எடுங்கள். மோட் `Soft Light`, அடர்த்தி 20 முதல் 30 சதவீதம். மாஸ்க்கைக் கறுப்பாக்கிவிட்டு, பக்கச்சுவரிலும் பால்கனி விளிம்புகளிலும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் தடவுங்கள். வானத்துக்கு அருகில் அடர்த்தியாகவும், விலக விலக மங்கியும் போகட்டும். சாஃப்ட் லைட்டில் அடியில் உள்ள 255 மாறாது என்பதால், தூரிகை வானத்தில் கொஞ்சம் வழிந்தாலும் பழுதில்லை.

ஜன்னல்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முன்பக்க ஜன்னல் கண்ணாடியில் அழகாக இருக்கட்டும் என்று அதே அஸ்தமனத்தை ஒட்டிவிடுகிறார்கள். கேமராவைப் பார்த்திருக்கும் கண்ணாடி கேமராவுக்குப் பின்னால் இருக்கும் வானத்தைத்தான் காட்டும். அங்கே அஸ்தமனம் இல்லை. அதேசமயம் பழைய மப்பு வானத்தின் வெள்ளைப் பிரதிபலிப்பும் அப்படியே இருக்கக்கூடாது. கண்ணாடிகளைத் தேர்ந்து, சிவப்பு 120, பச்சை 118, நீலம் 150 கொண்ட ஒரு நிற லேயரை `Multiply` மோடில் வையுங்கள். 210-ஆக வெளுத்திருந்த கண்ணாடி 99, 97, 124 என்று மங்கிய ஊதா நீலத்துக்கு இறங்கும். கட்டடத்துக்கு முன்னால் தரை ஈரமாக இருந்தால் அங்கே நிலைமை நேர்மாறு. தரையில் தெரிவது எதிரே இருக்கும் வானம் என்பதால், அந்த ஈரத்தில் அஸ்தமன நிறம் கட்டாயம் வேண்டும்.

`Edit > Sky Replacement` பயன்படுத்துவதாக இருந்தால் அதில் உள்ள `Color Adjustment` ஸ்லைடரைப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள். அது சுவர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் முன்புறம் முழுவதற்கும் ஒரே நிறத்தைப் பூசுகிறது. சாயத்தில் முக்கியெடுத்த தோற்றம் அங்கிருந்தும் வந்திருக்கலாம். `Output To` என்ற இடத்தில் `New Layers` கொடுத்தால் மாஸ்க்கும் வானமும் தனித்தனியாகக் கிடைக்கும்.

முடித்ததும் மேலே ஒரு ஹ்யூ சாச்சுரேஷன் லேயர் போட்டு, சாச்சுரேஷனை +100-க்கு ஏற்றிப் பாருங்கள். மிச்சமிருக்கும் நீலத் திட்டுகளும் தூரிகை வழிந்த இடங்களும் கத்திச் சொல்லும். பிறகு அதையே −100-க்கு இறக்குங்கள். கறுப்பு வெள்ளையில் பார்க்கும்போது முன்சுவர், பக்கத்திலுள்ள வானத்தைவிட வெளிச்சமாக இருந்தால் அது நிறப் பிழையல்ல, வெளிச்சப் பிழை. 100 என்று வைத்த புள்ளியை 85-க்கு இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். கடைசியாக 200 சதவீதத்தில் கூரையோரமாக ஒருமுறை நகர்ந்து வாருங்கள். கட்டடத்தில் பொடிப்பொடியாகக் குருணை தெரிந்து வானம் மட்டும் வழவழவென்று இருந்தால், வான லேயரில் `Add Noise` 1 முதல் 2 சதவீதம், `Gaussian`, `Monochromatic` கொடுத்தபிறகு சோதனை லேயரை நீக்கிவிட்டுச் சேமியுங்கள்.