கோபக் கடிதமும் பழைய முகவரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் மாதக் கடிதத்தை 400 பேருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறேன். போன மாதம் ஒருவர், ‘எத்தனை முறை விலகினாலும் ஸ்பாம் அனுப்புகிறீர்களே, வெட்கமாக இல்லையா?’ என்று எழுதினார். தேடிப் பார்த்தேன், அவர் முகவரியே பட்டியலில் இல்லை. அதைச் சொல்லி, இது காசு வாங்காமல் செய்யும் தொண்டு என்றும் விளக்கினேன். இன்னும் கடுமையாகப் பதில் வந்தது. இத்தகையவர்களுக்குப் பதில் எழுதத்தான் வேண்டுமா?
ம.

அன்புள்ள ம.,

மாதந்தோறும் இரவில் உட்கார்ந்து 400 பேருக்குக் கடிதம் தயாரிப்பவரை ஒருவர் வெட்கமில்லையா என்று கேட்டால் எப்படி வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பதில் எனக்கு வருத்தம் தந்தது. நீங்கள் காசு வாங்குகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. விலகிய பிறகும் கடிதம் வருகிறது என்றார். அவரிடம் போய் ‘நீங்கள் பட்டியலிலேயே இல்லை’ என்றால், அவரைப் பொய்யர் என்றுதானே ஆகிறது?

பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தவற்றைச் செய்தேன். என் கட்டுரைகளை மின்னஞ்சலில் பெற்றுவந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், நிறுத்தச் சொல்லி மூன்று முறை எழுதினார். மூன்றாவது கடிதத்தில் வணக்கமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. நானும் உங்களைப் போலவே தேடினேன், அவர் முகவரி கிடைக்கவில்லை. கடைசியில் கணினி தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னபடி, வந்த மடல் கடந்துவந்த வழியைக் காட்டும் முழுத் தலைப்புப் பகுதியை அனுப்பும்படி பேராசிரியரைக் கேட்டேன். ஜிமெயிலில் மடலைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தினால் வரும் ‘Show original’ என்பதுதான் அது. நீண்டுகிடந்த அந்த எழுத்துக் குவியலின் நடுவே இப்படி இரண்டு வரிகள் இருந்தன (முகவரிகளை மாற்றியிருக்கிறேன்):

```
X-Forwarded-To: new@example.org
X-Forwarded-For: old@example.com new@example.org
```

பட்டியலில் இருந்தது அவருடைய பழைய முகவரி. அங்கே வருபவை எல்லாம் புதிய முகவரிக்குத் தானாகவே போகும்படி என்றோ அமைத்துவிட்டு, அவர் அதை மறந்திருந்தார். கடிதத்தின் அடியில் நான் வைத்திருந்த விலகல் இணைப்போ, அழுத்துபவரின் பெட்டியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும் வகையைச் சேர்ந்தது. அவர் அழுத்தியபோதெல்லாம் விலகல் மடல் புதிய முகவரியிலிருந்து வந்தது. பட்டியல் மென்பொருள் அந்த முகவரியைத் தேடி, காணாமல், யாருக்கும் எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டது. அவர் மூன்று முறை விலகியது உண்மை. பட்டியலில் அவர் இல்லை என்று நான் கண்டதும் உண்மை.

உங்கள் பட்டியலிலும் இதுவே நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். இன்றே அவருக்கு இப்படி எழுதுங்கள்: “ஐயா, விலகிய பிறகும் கடிதம் வந்தது எங்கள் பிழை, மன்னிக்கவும். உங்களுடைய வேறொரு பழைய முகவரி வழியாக அது வருகிறதென்று நினைக்கிறேன். அந்த முகவரியைத் தெரிவித்தால் உடனே நீக்குகிறேன்; அதைக் கண்டுபிடிக்கும்வரை அடுத்த இதழ் யாருக்கும் போகாது.” தொண்டு என்ற சொல் இதில் எங்கும் வேண்டாம். அவர் பதில் தராவிட்டால், அவர் பெயரோடும் அவர் வேலை பார்த்த இடத்தோடும் ஒத்துவரும் முகவரிகளைப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள்.

பிறகு காரணத்தைச் சரிசெய்யுங்கள். எல்லோரையும் பிசிசியில் போட்டு ஒரே மடலாக அனுப்பாமல், ஒவ்வொருவருக்கும் தனி மடலாக அனுப்பும் பட்டியல் சேவைக்கு மாறுங்கள். அப்போது ஒவ்வொரு மடலின் விலகல் இணைப்பிலும் அந்த மடல் எந்த முகவரிக்குப் போனதோ அதற்குரிய தனிக் குறியீடு இருக்கும். எந்தப் பெட்டியிலிருந்து அழுத்தினாலும் சரியான முகவரியே நீங்கும். அடியில் ‘இக்கடிதம் இந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது’ என்ற வரியும் இருக்கட்டும். பேராசிரியருக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால் மூன்று கடிதம் எழுத நேர்ந்திருக்காது. விலகியவரின் முகவரியை அழித்துவிடாமல் ‘அனுப்பக் கூடாதவை’ என்று தனியே சேமித்து வையுங்கள். அழித்துவிட்டால், நண்பர் ஒருவர் பழைய எக்செல் தாளை மீண்டும் ஏற்றும் நாளில் அவர் திரும்பவும் பட்டியலுக்குள் வந்துவிடுவார்.

பதில் எழுதாமல் விட்டால் அவர் அடுத்த முறை ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்று கூகுள் அனுப்புநர்களிடம் கேட்கிறது. உங்கள் 400 பேரில் அது ஒருவரைச் சற்றே தாண்டும் கணக்கு. யார் புகார் செய்தார் என்பதையும் ஜிமெயில் உங்களுக்குச் சொல்லாது. உங்களைத் திட்டி எழுதிய அந்த மனிதர் மட்டும்தான் பிழை எங்கே என்று காட்டித் தர முன்வந்திருக்கிறார்.

பேராசிரியரின் பழைய முகவரியை நீக்கிய மறுமாதம், அவரிடமிருந்து ‘இம்முறை வரவில்லை’ என்று ஒரு வரி வந்தது. அதன் கீழே கையெழுத்து இருந்தது.