நடை ஏன் ஒரே இடத்தில் தடுக்குகிறது?

*ஏற்காட்டு காபி எஸ்டேட்டில் தலையில் கூடையோடு நடக்கும் அம்மா ஒருவரை பிளெண்டர் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேரில் செய்திருக்கிறேன். ஃபிரேம் 1-லிருந்து 25 வரை நடை. முதல் போஸை அப்படியே காப்பி செய்து 25-ல் வைத்திருக்கிறேன். ஆனாலும் லூப்பில் ஓடும்போது சுற்றுக்கு ஒரு தடவை ஜெர்க் அடிக்கிறது. படிக்கிற சென்டரில் கிராபிக்ஸ் கார்டு மாற்றச் சொல்கிறார்கள். வேலை பிடித்துக் கொடுத்தவர், நாலாயிரம் கொடுத்தால் லூப்பைச் சரி செய்து தருகிறேன் என்கிறார். என்ன செய்வது சார்?*
*— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்*

கார்டும் வாங்காதீர்கள், அவருக்குப் பணமும் கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டர் திணறினால் ஜெர்க் கண்ட இடத்தில் வரும். ஒரு சுற்றில் இடது கால் ஊன்றும்போது, அடுத்த சுற்றில் வேறெங்கோ. எப்போதும் ஒரே இடத்தில் வந்தால் பிழை ஃபைலுக்குள் இருக்கிறது. அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்றைச் சரி செய்தும் ஜெர்க் போகவில்லையே என்று பலர் கைவிடுவது அதனால்தான்.

முதலாவது வெறும் எண்ணிக்கை. செவ்வாய்க்குச் செவ்வாய் எண்ணினால் எட்டு வரும். ஆனால் வாரத்துக்கு நாள் ஏழுதான். 25-வது ஃபிரேம் என்பது அடுத்த சுற்றின் முதல் ஃபிரேம். ஓட்டத்தை 25 வரை விட்டால் 25-ம் 1-ம் அடுத்தடுத்து வந்து, ஒரே போஸ் இரண்டு ஃபிரேம் நின்றுவிடும். போஸைப் பதிந்து வைத்த கீ 25-லேயே இருக்கட்டும். டைம்லைனில் `End` என்ற கட்டத்தில் மட்டும் 24 என்று போடுங்கள். சிலர் கீயையே 24-க்கு இழுத்துவிடுகிறார்கள். அப்போது முதல் அடிக்கு 12 ஃபிரேம், இரண்டாவது அடிக்கு 11 என்றாகி நடை நொண்டும்.

இதைச் செய்ததும் ஜெர்க் குறையும், முழுதாகப் போகாது. மிச்சம் இருப்பது இரண்டாவது பிழை. போஸ் ஒன்றாக இருந்தால் போதாது, அந்த போஸைக் கடக்கிற வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இடுப்பை எடுத்துக்கொள்வோம். வழக்கமான கணக்கில் 1-ல் குதிகால் ஊன்றுகிறது, 4-ல் இடுப்பு ஆகக் கீழே, 10-ல் ஆக மேலே, 13-ல் மறு கால் ஊன்றுகிறது. அதாவது கால் ஊன்றும் கணத்தில் இடுப்பு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. பாதி வழியில் இருக்கிறது. 13-வது கீக்கு முன்னும் பின்னும் வேறு கீகள் இருப்பதால், பிளெண்டர் அந்த இறக்கத்தைப் பார்த்து வளைகோட்டைச் சரிவாகவே கொண்டுபோகும். 1-க்கு முன்னால் எதுவும் இல்லை, 25-க்குப் பின்னால் எதுவும் இல்லை. அதனால் இரண்டு முனையையும் தட்டையாக்கி, இடுப்பை அங்கே நிறுத்திவிட்டு மறுபடி இறக்குகிறது. வழுக்கிக்கொண்டு வர வேண்டிய இறக்கத்தில் ஒரு படிக்கட்டு முளைத்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். இடது கால் ஊன்றும்போது ஜெர்க் வந்து, வலது கால் ஊன்றும்போது வரவில்லை என்றால், சுற்றின் முடிவும் தொடக்கமும் சேரும் தையல் வாயில்தான் கோளாறு. இரண்டு காலிலும் வந்தால் உங்கள் போஸே தப்பு. அது வேறு கதை. உங்கள் அம்மாவின் தலையில் கூடை இருப்பதால் இடுப்பில் ஒரு சின்னத் தயக்கமும் கூடை விளிம்பில் தெரிந்துவிடும். கூடையையே பாருங்கள், காலைப் பார்க்காதீர்கள்.

மருந்து இதுதான். போஸ் மோடில் `A` அழுத்தி எல்லா எலும்பையும் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த எலும்புகளின் கோடுகள்தான் Graph Editor-ல் தெரியும். ஒரு கை விட்டுப்போனால் அந்தக் கை மட்டும் சுற்றுக்கு ஒரு தடவை வெட்டும். பிறகு Graph Editor-க்குள் வந்து `A`, அப்புறம் `Shift+E`, வரும் பட்டியலில் Make Cyclic. இனி ஒவ்வொரு கோடும் 25-க்கு அப்பாலும் தன்னையே திரும்பச் சொல்லும். கீயில் கோட்டின் சரிவைத் தீர்மானிக்கும் தானியங்கி கைப்பிடிகள் 25-க்குப் பின் 4-வது கீ வருகிறது என்று தெரிந்து சாய்ந்துகொள்ளும். கையால் இழுத்துப் பார்த்த கைப்பிடிகள் சாயாது. அவற்றை `V` அழுத்தி Auto Clamped ஆக்கிவிடுங்கள்.

தரையில் ஊன்றிய பாதத்துக்கு மட்டும் இது போதாது. நின்ற இடத்தில் நடக்கும் நடையில் பாதம் தரையோடு சம வேகத்தில் பின்னால் போக வேண்டும். 12 ஃபிரேமில் 60 செ.மீ. என்றால் ஃபிரேமுக்கு 5 செ.மீ. முனை தட்டையாக இருந்தால் முதல் ஃபிரேமில் சுமார் 1 செ.மீ.யும் நடுவில் சுமார் 8 செ.மீ.யும் நகரும், பாதம் தேங்கி, பிறகு வழுக்கும். முன்பின் நகர்வுக் கோட்டில் 1-க்கும் 13-க்கும் நடுவே உள்ள கீகளை நீக்கிவிட்டு, 1-வது கீயைத் தேர்ந்தெடுத்து `T`, Linear. மறு காலுக்கு 13-லிருந்து 25 வரை அதையே செய்யுங்கள்.

நான் ஆரம்பத்தில் ராத்திரி முழுக்கத் தேடிய பிழை ஒன்று உண்டு. எல்லாம் முடிந்த பிறகு முதல் போஸில் முழங்கையைக் கொஞ்சம் திருத்தினேன். 25-ல் பழைய முழங்கை அப்படியே இருந்தது. 1-ஐத் தொட்டால் 25-ஐயும் தொட்டாக வேண்டும். Dope Sheet-ல் 1-வது ஃபிரேமின் கீகள் அத்தனையையும் `Ctrl+C`, 25-க்குப் போய் `Ctrl+V`. திருத்தம் செய்கிற ஒவ்வொரு தடவையும்.

இந்த விஷயத்தைச் சொல்லித்தர அரை மணி நேரம் ஆகாது. ஆறு மாதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு மெனுக்களை மட்டும் ஒப்புவிக்க வைத்து, பிழை வந்தால் கார்டு வாங்கச் சொல்லி அனுப்பும் சென்டர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இந்த ஊரில் எத்தனை வீட்டில் தேவையில்லாத கார்டுகள் கிடக்கின்றன!

இடையில் நிற்பவர் விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். "லூப் சரியில்லை" என்பது பணத்தைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்குச் சுலபமான சாக்கு. என்னிடமும் ஒருவர் அப்படிச் சொல்லி மூன்று வேலைக்குப் பணம் தரவில்லை. அவர் என் வீடியோவை 25 வரை ஓட்டிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அதனால் ஒரே ஒரு சுற்றை அனுப்பாதீர்கள். Make Cyclic செய்த பிறகு `End`-ஐ 96 ஆக்கி, நான்கு சுற்றை வீடியோவாக்கி அனுப்புங்கள். அவர் எந்த பிளேயரில் ஓட்டினாலும் தையல் மூன்று தடவை தானாகக் கடந்து போவதைப் பார்க்கலாம். `.blend` ஃபைல் பணம் வந்த பிறகு.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நான் மேலே சொன்ன 24 தலைகீழாகும். வேலை வீடியோவுக்கு அல்ல, கேமுக்கு என்றால் 25-வது ஃபிரேமையும் சேர்த்துத்தான் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். வீடியோ ஃபிரேம்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. 25-ஐக் காட்டினால் அது இரட்டிப்பு. கேம் எஞ்சின் ஃபிரேமை எண்ணுவதில்லை, நேரத்தை அளக்கிறது. 1-லிருந்து 25 வரை 24 இடைவெளி, வினாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் சரியாக ஒரு வினாடி. வினாடி முடிந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பும், அங்கே இரண்டு போஸும் ஒன்று என்பதால் தடுக்காது. 24-ல் வெட்டிக் கொடுத்தால் 23 இடைவெளிதான் இருக்கும். 24-லிருந்து 1-க்கு ஒரு ஃபிரேம் தூரத்தை ஒரே தாவலில் தாண்டும். அதுவும் ஜெர்க்தான், ஆனால் இது நிற்கிற ஜெர்க் அல்ல, துள்ளுகிற ஜெர்க். யூனிட்டியில் போடுகிறவர்கள் என்றால் Loop Time டிக் செய்யச் சொல்லுங்கள். எதற்கு வேலை என்று அவரிடம் முதலில் கேட்டுவிட்டு, அதன்பின் `End`-ஐத் தொடுங்கள்.