வீடு மாறுவதால் தாமதம்: வகுப்பு டீச்சருக்கு என்ன எழுதுவது?

"டர்பனிலிருந்து லெனேசியாவுக்கு மாறுகிறோம். ஜனவரியில் பள்ளி திறந்து ஏழு நாள் கழித்துத்தான் மகள் சேர முடியும். டீச்சரிடம் எப்படிச் சொல்வது?"

பள்ளி திறக்கும் முன்பே எழுதிவிடுங்கள், சகோதரி. போனில் சொன்னால் போதாது. முதல் நாளிலிருந்தே வருகைப் பதிவேடு ஓடும். தகுந்த காரணம் இல்லாமல் தொடர்ந்து 10 பள்ளி நாட்கள் பிள்ளை வராவிட்டால், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம் என்பது இங்கே தென்னாப்பிரிக்காவில் உள்ள விதி. சனி, ஞாயிறு அதில் சேராது. நீக்குவது தலைமை ஆசிரியர் என்பதால், டீச்சருக்கு அனுப்பும் மின்னஞ்சலின் நகலை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில், நாலு வரி போதும். சாரம் இப்படி: "வணக்கம். என் மகள் (பெயர், வகுப்பு) குடும்பம் இடம் மாறுவதால் இந்தத் தேதி வரை வர இயலாது. இன்ன தேதி காலை வருவாள். அதுவரை நடக்கும் பாடங்களையும் வாங்க வேண்டிய நோட்டுகளையும் தெரிவித்தால் வீட்டிலேயே தொடங்குவோம்."

"கொஞ்சம் தாமதமாகும்" என்று மட்டும் எழுதாதீர்கள், தேதி முக்கியம். சாமான் லாரி தாமதித்துத் தேதி தள்ளினால், அன்றே இன்னொரு வரி அனுப்புங்கள். அப்புறம், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழை டர்பனை விட்டுக் கிளம்பும் முன் கையில் வாங்கிவிடுங்கள்.