பத்திரிகை 500, இலை எத்தனை?

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு 500 பத்திரிகை வைக்கிறோம். முகூர்த்தம் திங்கள்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வருகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு 1,500 இலை சொல்லச் சொல்கிறார் சமையல்காரர். போன வருடம் கிரகப்பிரவேசத்துக்கு 400 பத்திரிகை வைத்தோம். மொய் நோட்டில் 270 பெயர், சாப்பிட்டது 510 இலை. எவ்வளவு சொல்லலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பத்திரிகையை மூன்றால் பெருக்குவது அவருக்கு வசதியான கணக்கு. உங்களிடம் இருக்கும் மொய் நோட்டு அதைவிட நல்ல கணக்குச் சொல்கிறது. நானூறு பத்திரிகைக்கு 270 மொய் என்றால் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் மொய் செய்திருக்கின்றன. ஒரு மொய்க்கு இரண்டு இலைகூட விழவில்லை. காரணம் தெரிந்ததுதான். மொய் செய்ய வீட்டுக்கு ஒருவர் வருவார், சிலர் பக்கத்து வீட்டுக்காரரிடம் கவரைக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். அந்தக் கவருக்கு இலை கிடையாது.

அதே விகிதத்தில் 500 பத்திரிகைக்கு ஏறக்குறைய 640 இலை வரும். இது உங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும். கிரகப்பிரவேசத்தில் மாப்பிள்ளை வீட்டார் இல்லை என்பதால் அவர்களைத் தனியாகக் கூட்டுங்கள். இரண்டு பஸ்ஸுக்கு 110 பேர் வைத்தால் மொத்தம் 750.

இனி நோட்டை எடுத்துவைத்துப் பெயர் பெயராகத் திருத்துங்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் வீடுகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வரும். அங்கே இலையைக் கூட்டுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் திங்கள்கிழமை மதியம் வரமாட்டார்கள், முந்தின மாலை வரவேற்போடு முடித்துக்கொள்வார்கள், அங்கே குறையுங்கள். அதே முகூர்த்தத்தில் உங்கள் சொந்தத்திலேயே வேறு கல்யாணம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் அப்பா ஒரு மண்டபம், அம்மா ஒரு மண்டபம் என்று வீடு இரண்டாகப் பிரிந்துதான் வரும்.

திருத்திய பிறகும் 750 பக்கத்திலேயே நின்றால் சமையல்காரரிடம் இரண்டு எண்கள் பேசுங்கள். ஒன்று, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் பணம் தரும் குறைந்தபட்ச இலை. அதை 640-ல் நிறுத்துங்கள். மற்றது, அவர் பொருளோடும் ஆளோடும் தயாராக இருக்க வேண்டிய இலை. அது 750. நடுவில் உள்ள 110 இலைக்கு விழுந்தால் மட்டும், அதே விலையில் பணம். ‘எக்ஸ்ட்ரா இலைக்குத் தனி ரேட்’ என்று ஆரம்பித்தால் அந்த ரேட்டை அப்போதே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மாலை வரவேற்புக்கும் மறுநாள் மதியத்துக்கும் ஒரே எண்ணிக்கை சொன்னால் போதுமா?
– வாசகர், சேலம்

பதில்: போதாது. மாலை டிபன், காலை டிபன், மதியச் சாப்பாடு மூன்றுக்கும் மூன்று எண். காலை டிபனுக்கு மண்டபத்தில் தங்கியவர்களும் முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் வருபவர்களும் மட்டும்தான். அதில்தான் அதிகம் வீணாகிறது.

கேள்வி: 600 இலை பேசினோம். 780 விழுந்தது என்று பில் போட்டு, பாத்திரம் ஏற்றும் நேரத்தில் வாசலில் நின்று பணம் வாங்கிப் போய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் யாரும் எண்ணவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் 150 பேர் உட்காரலாம். 11 மணிக்கு ஆரம்பித்து 1.40-க்கு முடிந்தது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்திலேயே சாட்சி இருக்கிறது. இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு, எடுத்துத் துடைத்து அடுத்த பந்தியை உட்காரவைக்க 40 நிமிடம் ஆகும். நீங்கள் சொல்லும் 160 நிமிடத்தில் நான்கு பந்தி. ஒரு நாற்காலிகூடக் காலியில்லாமல் நடந்திருந்தாலும் 600 இலை. கடைசிப் பந்தி எந்தக் கல்யாணத்திலும் நிறைவதில்லை. 780 இலை விழ ஆறு பந்தி, அதாவது நான்கு மணி நேரம் வேண்டும்.

வீடியோகிராபரிடம் வெட்டாத காட்சிகளைக் கேட்டு வாங்குங்கள். பந்தி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காலி இருக்கைகள் எல்லாம் அதில் இருக்கும். அதோடு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பி, கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இலைக் கணக்கில் நடக்கும் இந்த அநியாயத்தைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் யாரும் அடுப்படிப் பக்கம் வரமாட்டார்கள் என்ற தைரியம்தான் இதற்கு முதல். ஆள் வராத இருக்கைக்கும் இலை போட்டு எடுத்து அதையும் எண்ணுவார்கள். பரிமாறுகிறவர்கள், மேளக்காரர்கள், பந்தல்காரர்கள் சாப்பிட்டதும் உங்கள் தலையில் ஏறும். கட்டுக் கணக்கில் கிழிந்த இலைக்கும் சேர்த்து விலை போடுவார்கள். நானும் ஒரு விசேஷத்தில் எண்ணாமல் பணம் கொடுத்து ஏமாந்தவன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். சொந்தத்தில் விவரமான ஒருவரைச் சாப்பாட்டுக்கூட வாசலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பந்தியும் எழுந்திருக்கும் முன் இருக்கையில் மொத்தம் இத்தனை, காலி இத்தனை என்று நோட்டில் எழுதி, அங்கேயே சமையல் மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கல்யாணம் முடிந்தபின் கேட்டால் யாரும் போடமாட்டார்கள்.

கேள்வி: 800 இலைக்கு முழுப் பணம் கட்டினோம். 450 பேர்தான் வந்தார்கள். மிச்சப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? எழுத்தில் ஒன்றும் இல்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: கேட்கலாம், கிடைக்காது. 800 பேருக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பாதிப் பேர் வரவில்லை என்றால் அது அவர் குற்றமில்லை. இத்தனை பணம் கட்டும்போது ஒரு தாளில் நான்கு வரி எழுதி வாங்க முடியாதா? பத்து நாள் முன்பு போன் போட்டு எண்ணிக்கையைக் குறைத்திருந்தாலே பாதி நஷ்டம் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: ஆள் குறைந்தால் சோறு மிஞ்சுகிறது, கூடினால் தட்டுப்படுகிறது. எதைக் குறைத்துச் சமைப்பது?
– வாசகி, தென்காசி

பதில்: அளவைக் குறைக்க வேண்டாம், உலையைப் பிரியுங்கள். கல்யாணச் சாப்பாட்டில் ஒரு கிலோ அரிசி பத்துப் பேருக்கு வரும். 750 பேருக்கு 75 கிலோ. முதலில் 45 கிலோ மட்டும் வடிக்கச் சொல்லுங்கள். மீதி அரிசி மூட்டையிலேயே இருக்கட்டும், அண்டாவில் உலைநீர் மட்டும் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் பந்தி உட்காரும்போது வாசலில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பார்த்து அடுத்த உலையைப் போட்டால், நான்காம் பந்திக்கு முன் சோறு தயார். போடாத அரிசி அப்படியே வீட்டுக்கு வரும். நீங்களே மளிகை வாங்கிக் கூலிக்குச் சமைக்கிறீர்கள் என்றால் அது முழு மிச்சம்.

வடை, அப்பளமும் இப்படித்தான், பந்திக்குப் பந்தி பொரிக்கலாம். சாம்பாருக்கு வேகவைத்த பருப்பைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தட்டுப்படும்போது வெந்நீர் ஊற்றி நீட்டுவதால்தான் கடைசிப் பந்திக்குச் சாம்பார் தண்ணீராகிறது. கூட்டு, அவியல், தேங்காய் சேர்ந்த எதையும் மிகையாகச் செய்ய வேண்டாம். மிஞ்சினால் மாலைக்குள் ஊசிவிடும், யாருக்கும் கொடுக்க முடியாது. இனிப்பு மட்டும் முழு எண்ணிக்கைக்கு இருக்கட்டும். அது இலையில் முதலில் விழுவது. கடைசி ஆளுக்கு இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பினோம். 300 பேர் ‘கட்டாயம் வருகிறோம்’ என்று பதில் போட்டிருக்கிறார்கள். 300-ஐயும் கூட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், ஆவடி

பதில்: வேண்டாம். நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். மற்றவர்களுக்கு ஒரு வாரம் முன்பு போன் செய்து, “எத்தனை பேர், எந்த வேளைக்கு?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.