ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வயது: ஆர்.டி. முதிர்வுத் தொகையை நீங்களே சரிபார்க்கலாம்

கேள்வி: ஐயா, 2024 ஜனவரியில் அஞ்சலகத்தில் மாதம் 3,000 ரூபாய்க்கு ஐந்து வருட ஆர்.டி. ஆரம்பித்தேன். வட்டி 6.7 சதவீதம். முடிவில் 2,14,097 ரூபாய் கிடைக்கும் என்று ஏஜெண்ட் அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் கட்டுவது 1,80,000. அதற்கு ஐந்து வருட வட்டி போட்டாலே 60,300 வருகிறதே, அவர் கணக்கில் 34,097தான் இருக்கிறது. என் மகன் எக்செல்லில் போட்டால் 2,12,915 என்கிறான். யார் கணக்கு சரி? நானே எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: ஏஜெண்ட் அம்மா எழுதிக் கொடுத்த தொகை சரிதான், அம்மா. உங்கள் மகனும் கிட்டத்தட்ட சரியாகவே போட்டிருக்கிறார், ஒரே ஒரு இடத்தில் ஒரு மாதம் நழுவிவிட்டது. அது எந்த இடம் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் 60,300 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1,80,000 ரூபாய் முழுவதும் முதல் நாளே அஞ்சலகத்துக்குப் போய், ஐந்து வருடமும் அங்கேயே கிடந்தால்தான் அந்த வட்டி. ஆனால் முதல் நாள் நீங்கள் கொடுத்தது 3,000 மட்டும். அந்த 3,000 அறுபது மாதம் அங்கே இருக்கும். அடுத்த மாதம் கட்டியது ஐம்பத்தொன்பது மாதம் இருக்கும். இப்படியே குறைந்துகொண்டு போய், கடைசித் தவணை ஒரே ஒரு மாதம்தான் இருக்கும். ஒவ்வொரு தவணைக்கும் தனி வயது உண்டு. அந்த வயதுக்குத்தான் வட்டி.

சரி, அறுபது தவணைகளின் வயதையும் கூட்டினால் எத்தனை மாதம்? முதல் தவணையையும் கடைசித் தவணையையும் ஜோடி சேருங்கள்: 60 + 1 = 61. இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும் சேருங்கள்: 59 + 2, அதுவும் 61. இப்படி முப்பது ஜோடி. 30 × 61 = 1,830 மாதம். 3,000 ரூபாய்க்கு ஒரு மாதத் தனி வட்டி 16 ரூபாய் 75 காசு. இரண்டையும் பெருக்கினால் 30,652 ரூபாய் 50 காசு.

இதை நான் தரைமட்டம் என்பேன். கூட்டு வட்டியே போடாவிட்டாலும் இவ்வளவு வந்தாக வேண்டும். யாராவது இதற்குக் கீழே ஒரு வட்டித் தொகையைச் சொன்னால் அவர் கணக்கில் தவறு இருக்கிறது. உங்களுக்குச் சொன்னது 34,097. தரைமட்டத்துக்கு மேல் இருக்கும் சுமார் 3,445 ரூபாய்தான் வட்டிக்கு வட்டி. ஐந்து வருடத்தில் கூட்டு வட்டி அவ்வளவுதான் சேர்க்கிறதா என்று பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பணம் சராசரியாக முப்பதரை மாதம்தான் அங்கே இருக்கிறது என்பதை நினைத்தால் அது புரியும்.

இனி முழுக் கணக்கு. அஞ்சலக ஆர்.டி.யில் வட்டி காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேரும். 6.7-ஐ நான்கால் வகுத்தால் காலாண்டுக்கு 1.675 சதவீதம். சாதாரணக் கால்குலேட்டர் இருந்தால் போதும்.

முதல் மூன்று மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலாண்டு முடியும்போது முதல் தவணைக்கு 3 மாதம், இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1 ஆகியிருக்கும். மொத்தம் 6 மாத வட்டி, அதாவது 6 × 16.75 = 100.50. எனவே முதல் காலாண்டு முடிவில் கையிருப்பு 9,100.50. இரண்டாம் காலாண்டில் இந்தத் தொகை முழுவதும் 1.675 சதவீதம் வளர்ந்து 9,252.93 ஆகும். அதோடு புதிதாகக் கட்டிய மூன்று தவணையும் அதன் வட்டியுமாக அதே 9,100.50 சேரும். ஆக 18,353.43. மூன்றாம் காலாண்டு முடிவில் 27,761.35. ‘முந்தைய கையிருப்பை 1.01675-ஆல் பெருக்கு, 9,100.50-ஐக் கூட்டு’, இவ்வளவுதான் வேலை. இருபது காலாண்டுக்கும் இதையே செய்தால் 2,14,102 ரூபாய்க்குச் சில காசு குறைவாக வந்து நிற்கும்.

ஏஜெண்ட் சொன்னதைவிட நான்கு ரூபாய் சொச்சம் கூடுதலாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். காலாண்டு நிறையாத ஒன்றிரண்டு மாதங்களுக்கு நாம் மேலே தனி வட்டி போட்டோம். முதிர்வுத் தொகைக்கான வழக்கமான சூத்திரம் அந்த மாதங்களையும் காலாண்டின் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று கூட்டு வட்டியிலேயே கணக்கிடும். அதனால் வரும் வித்தியாசம் அந்த நான்கு ரூபாய். இதற்காக யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை.

மகனிடம் எக்செல் இருப்பதால் இன்னும் தெளிவாகவே பார்த்துவிடலாம். A2-இல் 60, A3-இல் 59 என்று இறங்கி A61-இல் 1 வரை எழுதச் சொல்லுங்கள். B2-இல் கீழே உள்ளதைத் தட்டச்சு செய்து, A61-க்கு நேராக B61 வரை இழுத்துவிட வேண்டும்:

```
=3000*(1+6.7%/4)^(A2/3)
```

A2-ஐ மூன்றால் வகுப்பது ஏனென்றால், மாதங்களைக் காலாண்டுகளாக மாற்ற வேண்டும். இப்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு தவணை தன் வயதுக்கு எவ்வளவாக வளர்ந்தது என்று தனியாகத் தெரியும். முதல் தவணை 4,182.20 ஆகியிருக்கும். A-இல் 30 இருக்கும் வரியில் 3,542.12. கடைசித் தவணை 3,016.66. நடுவில் உள்ளதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் தவணைக்கு வட்டி 1,182. அதில் பாதிக் காலம் இருந்த தவணைக்குப் பாதி வட்டி என்றால் 591 வர வேண்டும், ஆனால் 542தான் வருகிறது. பிற்பாதி முப்பது மாதத்தில் வட்டிக்கும் வட்டி சேர்வதால்தான் இந்த வேறுபாடு. கூட்டு வட்டி உண்மையிலேயே போடப்பட்டிருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். B வரிசை முழுவதையும் கூட்டினால் 2,14,097.49 வரும்.

மகன் அனேகமாக இந்த நீண்ட வழியில் போகாமல், முதிர்வுத் தொகையை நேராகக் கணக்கிடும் FV என்ற எக்செல் சூத்திரத்தைப் பயன்படுத்தியிருப்பார். அதிலும் சரியான விடை கிடைக்கும், இப்படி எழுதினால்:

```
=FV((1+6.7%/4)^(1/3)-1,60,-3000,0,1)
```

கடைசியில் இருக்கும் அந்த 1-தான் நழுவிய இடம். தவணையை மாதத் தொடக்கத்திலேயே கட்டியதாக எடுத்துக்கொள் என்று அது சொல்கிறது. அதை விட்டுவிட்டால், மாதக் கடைசியில் கட்டுவதாக எக்செல் தானாகவே வைத்துக்கொள்ளும். அப்போது முதல் தவணைக்கு 59 மாதம், கடைசித் தவணைக்குப் பூஜ்யம். எல்லாத் தவணைக்கும் ஒரு மாதம் குறைந்துவிடும், வயதுகளின் கூட்டலும் 1,830-க்குப் பதில் 1,770 ஆகும். விடை 2,12,915. குறைவது 1,182 ரூபாய். இது முதல் தவணைக்கு மேலே பார்த்த வட்டியேதான். அறுபது மாத வயதுள்ள ஒரு தவணை பட்டியலிலிருந்து காணாமல் போய், வட்டியே இல்லாத ஒன்று அந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்த தவறான ஆர்.டி. கணக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு மாதத் தவறுதான். அதனால் யாருடைய கணக்கைப் பார்த்தாலும் முதல் வேலையாக மாத வரிசையைக் கூட்டிப் பார்ப்பேன், 1,830 வருகிறதா என்று.

இன்னொரு விடையும் உங்கள் கண்ணில் படலாம்: 2,14,309. வட்டியை 6.7/12 என்று வைத்து மாதாமாதம் கூட்டு வட்டி போட்டால் வருவது. அது ஏறக்குறைய 212 ரூபாய் அதிகம். அஞ்சலகம் காலாண்டுக்கு ஒருமுறைதான் கூட்டுவதால் அந்தத் தொகை உங்களுக்குக் கிடைக்காது.

இதெல்லாம் அறுபது தவணையும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் வரும் தொகை. கணக்கை மாத முதல் பாதியில் தொடங்கியிருந்தால் மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள்ளும், 16-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கியிருந்தால் மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள்ளும் கட்ட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் 2-ஆம் தேதி கட்டினாலும் 14-ஆம் தேதி கட்டினாலும் வட்டி ஒன்றுதான், நாள் கணக்கு கிடையாது. கெடு தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். உங்களுக்கு 30 ரூபாய். 3,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டியே 17 ரூபாய்க்குள்தான் என்பதால், தாமதத்தின் நஷ்டத்தைவிட அதிகமாகவே வாங்கிவிடுகிறார்கள். இந்த 30 ரூபாய் உங்கள் கையிலிருந்து தனியாகப் போவது, முதிர்வுக் கணக்கில் அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முன்கூட்டிக் கட்டுவதற்கும் இப்படித்தான். ஆறு மாதத் தவணையை ஒரேயடியாகக் கட்டினால் நூறு ரூபாய் தவணைக்கு 10 ரூபாய் வீதம் தள்ளுபடி உண்டு. உங்களுக்கு 300 ரூபாய். அந்தச் சலுகை கட்டும்போதே கிடைத்துவிடுவதால், முன்கூட்டிக் கட்டிய பணத்துக்குக் கூடுதல் மாதம் கணக்குப் பண்ணி முதிர்வுத் தொகையை ஏற்றிப் போடக் கூடாது. A வரிசையில் அந்தந்த மாதத்துக்குரிய வயதே இருக்கட்டும்.

மூன்று வருடம் முடிந்தபின் நடுவில் கணக்கை முடித்தால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. 6.7 போய், சேமிப்புக் கணக்குக்கு உள்ள வட்டிதான் கிடைக்கும்.

உறவினர் யாராவது பழைய ஆர்.டி.யைக் கொண்டுவந்து இதே முறையில் பார்க்கச் சொன்னால், முதலில் கணக்கு தொடங்கிய தேதியைப் பாருங்கள். தொடங்கிய நாளில் இருந்த வட்டிதான் கடைசிவரை. 2020 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை தொடங்கிய கணக்குகளுக்கு 5.8 சதவீதம். சூத்திரத்தில் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

உங்கள் விஷயத்தில் தாளில் கணக்கு சரியாகிவிட்டது. மிச்சம் இருப்பது பாஸ்புக். பணத்தை ஏஜெண்ட் வழியாகக் கட்டுவதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வாங்கி, மாதத்துக்கு ஒரு பதிவு இருக்கிறதா, கெடுவுக்குள் தேதி இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். 2024 ஜனவரிப் பதிவுக்கு எதிரே பென்சிலால் 60 என்று எழுதுங்கள், பிப்ரவரிக்கு 59. அப்படியே இறங்கி வந்தால் 2028 டிசம்பர் பதிவுக்கு எதிரே 1 வர வேண்டும்.