ரப்பர் ஸ்டாம்ப்: படத்தை எப்போது திருப்புவது, எவ்வளவு ஆழம் வெட்டுவது?

கேள்வி: எங்கள் பூனையின் போட்டோவை 5 செ.மீ. ரப்பர் ஸ்டாம்பாகச் செதுக்கினேன். கம்ப்யூட்டரில் இடவலம் திருப்பி அச்செடுத்து, பென்சிலால் டிரேஸ் செய்து, தாளைக் கவிழ்த்துத் தேய்த்தேன். ஆனாலும் முகம் மாறித்தான் வந்தது. மீசை ஒடிந்துவிட்டது, சுற்றிலும் மைத் திட்டுகள். எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும்?

பதில்: படத்தை இரண்டு தடவை திருப்பிவிட்டீர்கள். பென்சில் கோட்டைக் கவிழ்த்துத் தேய்த்தாலே ரப்பரில் படம் தானாகத் திரும்பிவிடும். கம்ப்யூட்டரில் திருப்ப வேண்டியது, கார்பன் பேப்பர் வைத்து நேராக வரையும்போது மட்டும்தான். டிரேஸ் செய்யும்போது ஓரத்தில் 'க' என்று ஒரு எழுத்தையும் சேர்த்து எழுதுங்கள். ரப்பரில் அது தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் உளியை எடுக்கலாம்.

மீசை ஒடிந்தது கைப்பிழை அல்ல, படத்தைத் தயார் செய்ததில் வந்தது. கறுப்புக் கோடு வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கமும் வெட்டி, நடுவில் மெல்லிய வரப்பை விட வேண்டும். 1 மி.மீ.க்குக் குறைந்த வரப்பு எளிதில் ஆடும், பிய்யும். வெள்ளைக் கோட்டுக்கோ வி வடிவ முனை உள்ள உளியின் ஒரே ஓட்டம் போதும். அதனால் போட்டோவை GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் `Threshold` கொடுத்து வெறும் கறுப்பு வெள்ளையாக்கியபின், முகத்தின் கன்னப்பகுதியைக் கறுப்பாக நிரப்பி, மீசையை அதன்மேல் வெள்ளையாக மாற்றி வரையுங்கள். மீசை கன்னத்தோடு முடிந்துவிடட்டும். வெளியே நீள வேண்டாம். பூனை முகத்துக்கு இது எவ்வளவோ அழகு என்பது என் அனுபவம்.

ஆழத்தைத் தீர்மானிப்பது வெட்டும் இடத்தின் அகலம். மீசை, கண்ணோரம் போன்ற குறுகிய கோடுகளுக்கு 1 மி.மீ. போதும். முகத்தைச் சுற்றியுள்ள அகலமான வெற்றிடத்தில் ஸ்டாம்ப் பேடின் பஞ்சும், அழுத்தும்போது தாளும் உள்ளே இறங்கும். அங்கே யு வடிவ முனை உள்ள உளியால் 2 முதல் 3 மி.மீ. வரை எடுங்கள். அதைவிட, படத்துக்கு வெளியே இருக்கும் ரப்பரைக் கத்தியால் அறுத்தே எறிந்துவிடுவது நல்லது. 8 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் கட்டையில் பாதிக்குமேல் தோண்டினால் அடிப்பாகம் வளைந்து, அழுத்தம் ஒரே சீராக விழாது.

ஆழத்தைவிட முக்கியம் சரிவு. கோட்டின் சுவர் கீழே போகப் போக அகன்று, மலையடிவாரம் மாதிரி நிற்க வேண்டும். உளி கோட்டுக்கு அடியில் புகுந்துவிட்டால், மேலே சரியாகத் தெரிந்தாலும் நாலு தடவை குத்தியதும் அந்த இடம் மடங்கும். வளைவுகளில் இது அதிகம் நடக்கும். அங்கே உளியை அசைக்காமல் ரப்பரைத் திருப்புங்கள்.

ஆழம் குறைவாகவே தொடங்கி, ஒரு சோதனை அச்சு எடுங்கள். பேடை மேலிருந்து ஸ்டாம்பின்மீது லேசாகத் தட்டி மை ஏற்றுங்கள். அச்சில் திட்டு விழுந்த இடத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சீவினால் சரி.